தங்கச்சியின் குறிப்பில் அரை மணித்தியாலச் சிக்கல்: சாத்திரியாரிடம் இன்னும் என்ன கேட்கலாம்?

உறவுகளே, தங்கச்சிக்குக் கலியாணம் பேசுறம். வவுனியாவில் ஒரு சாத்திரியார் அவளின்ர குறிப்பைப் பார்த்து, ஏழில் செவ்வாய், கடும் குற்றம் எண்டிட்டார். அம்மா அண்டைக்கிருந்து ஒழுங்காச் சாப்பிடுறதில்லை.

தங்கச்சி பிறந்தது 1999 ஜூலை 25, இரவு 1.30, புதுக்குடியிருப்புப் பக்கம். அந்த நேரம் கொழும்பில் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்கு வைச்சிருந்தவை. 2006 ஏப்ரலில்தான் பழையபடி மாத்தினவை. ஆனா வன்னியில் இயக்கத்தின்ர கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரம்தான் ஓடினது.

எந்த நேரத்தை வைச்சுக் கணிச்சீங்கள் எண்டு சாத்திரியாரைக் கேட்டன். அரசாங்க நேரமெண்டு நினைச்சு 30 நிமிசம் கழிச்சாராம். அப்ப 1 மணி, மேட லக்கினம், துலாத்தில் நிக்கிற செவ்வாய் ஏழாமிடம். கழிக்காட்டி இடப லக்கினம், அதே செவ்வாய் ஆறாமிடம், அதில் குற்றமில்லை. லக்கினம் மாறினது 1.10 தாண்டித்தானாம்.

ராசி விருச்சிகம், அது அரை மணியில் மாறாது. அதிலிருந்து எண்ணினால் செவ்வாய் பன்னிரண்டில். இதையும் குற்றமாக எடுப்பாரா, லக்கினத்தை மட்டுமா பார்ப்பார் எண்டு அடுத்த முறை கேட்கப் போறன். வாக்கியமா திருக்கணிதமா எண்டும் கேட்கவேணும், எல்லைக்குக் கிட்ட நிக்கிற லக்கினமெல்லோ.

அந்தக் காலம் அங்க பிள்ளை பெத்த அம்மாமார், வேலை செய்த மருத்துவிச்சியள் இருந்தால் சொல்லுங்கோ: பிறந்த துண்டில் எந்த நேரம் எழுதினவை? நேரம் சரியோ எண்டு பார்க்க, நடந்து முடிஞ்ச எந்தச் சம்பவங்களைச் சாத்திரியாரிடம் குடுக்கலாம்?