ஸ்டெப்பர் மேசை மதியத்துக்குள் 0.3 மி.மீ விலகுகிறது: குளோஸ்டு லூப் வாங்கியே ஆகணுமா?

கப்பலூர் ஃபிட்டர்:
ஐந்து துளை போடும் மேசை. 5 மி.மீ பிட்ச் பால் ஸ்க்ரூ, டிரைவில் சுற்றுக்கு 1600 பல்ஸ், FX3U பிஎல்சி. 30 மி.மீ வீதம் தாவி 150-இல் முடியும். அங்கே பீஸைக் கழற்றி மாற்றியதும் 24000 ஹெர்ட்ஸில் ஹோமுக்குத் திரும்பும். காலையில் ஹோம் எடுத்தால் கச்சிதமாக இருக்கிறது, மதியத்துக்குள் 0.3 விலகிவிடுகிறது. D8340-ஐப் பார்த்தால் கணக்கு சரியாகவே காட்டுகிறது. வேகத்தை 12000-க்கு இறக்கியும் போகவில்லை. குளோஸ்டு லூப் வாங்கச் சொல்கிறார்கள். அவசியமா?

சர்வோ சேகர்:
அவசியம்தான் தம்பி. ஓப்பன் லூப் என்பது குருட்டுக் கணக்கு. D8340-இல் இருப்பது பிஎல்சி அனுப்பிய பல்ஸ் எண்ணிக்கை, மோட்டார் எவ்வளவு சுற்றியது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. வேகத்தைக் குறைத்தும் போகவில்லை என்றால் டார்க் பிரச்சினை இல்லை, பல்ஸ் ஒயரில் நாய்ஸ் ஏறுகிறது. எப்படிப் பார்த்தாலும் என்கோடர் வைத்த மோட்டார் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

புதூர் பாண்டி:
அவ்வளவு செலவு எதுக்குண்ணே? டிரைவில் டிப் ஸ்விட்சை 12800-க்குத் தள்ளுங்க. ஸ்டெப் சின்னதானால் பிழையும் சின்னதாகிவிடும்.

மீனா (பேனல் வேலை, திருநகர்):
பாண்டி, மைக்ரோஸ்டெப் கூடினால் ஓட்டம் வழுவழுப்பாகும், அதிர்வு குறையும். அதுவரை சரி. ஆனால் 24000 ஹெர்ட்ஸ் என்பது 1600-க்கு விநாடிக்கு 15 சுற்று. அதே வேகம் 12800-இல் வேண்டுமென்றால் 192 கிலோஹெர்ட்ஸ் கேட்கும். FX3U சொந்த அவுட்புட்டில் 100-க்கு மேல் தராது. தவிர, ரோட்டர் நழுவினால் டிப் ஸ்விட்ச் என்ன சொல்கிறது என்று பார்த்து நழுவாது.

சேகர் சார் D8340 பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நாய்ஸ் என்று முடிவு கட்டியதுதான் அவசரம். ஃபிட்டர் தம்பி, டயல் கேஜை மேசையோரம் வைத்து, ஒவ்வொரு முறை ஹோமுக்கு வந்ததும் எண்ணைக் குறித்துக்கொண்டே வாங்க. கொஞ்சம் கொஞ்சமாக ஊர்கிறதா, திடீரென்று தாவுகிறதா? எந்தப் பக்கம்?

டி.கல்லுப்பட்டி ராமர்:
எனக்கும் இதே தொல்லைதாங்க. பேப்பர் கவர் மிஷின், ரப்பர் ரோலர் இழுத்துக் கட் பண்ணுது. நீளம் கூடிக் குறைஞ்சு வருது. குளோஸ்டு லூப் மோட்டார் மாட்டியும் அப்படியேதான் இருக்கு. அதனால காசை வீணாக்காதீங்க.

சர்வோ சேகர்:
ராமர் அண்ணே, உங்க கதை வேற. ரோலர் மேல் பேப்பர் வழுக்குது. மோட்டார் ஷாஃப்டில் இருக்கிற என்கோடருக்கு அது எப்படித் தெரியும்? பேப்பரைத் தொட்டுச் சுற்றும் தனிச் சக்கரத்தில் என்கோடர் வேணும், இல்லேன்னா மார்க் சென்சார்.

கப்பலூர் ஃபிட்டர்:
மீனாக்கா, பார்த்தாச்சு. ரொம்ப நேரம் முள் பூஜ்யத்திலேயே நிற்கிறது. திடீரென்று 0.10 தாவி அங்கேயே நிற்கிறது. அப்புறம் 0.20. எப்போதும் ஹோமுக்கு வந்து சேராமல் முன்னாலேயே நின்றுவிடுகிறது, தாண்டிப் போனதே இல்லை.

மீனா:
அந்த 0.10-இலேயே விடை இருக்கு. 1.8 டிகிரி மோட்டாரில் ரோட்டர் பிடி நழுவினால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது, அடுத்த பல்லில் போய்த்தான் மறுபடி பிடிக்கும். அது நான்கு முழு ஸ்டெப், 7.2 டிகிரி. உங்க 5 மி.மீ ஸ்க்ரூவில் சரியாக 0.1 மி.மீ, பல்ஸ் கணக்கில் 32. நாய்ஸாக இருந்தால் இப்படி 32, 32 ஆகத் தாவாது. ஒரு பல்ஸ் 0.003 மி.மீ, அது சிதறலாக வரும். திசை சிக்னல் பல்ஸுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் 0.1 தாவாது, ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒன்றிரண்டு பல்ஸாக ஊர்ந்துகொண்டே போகும். கப்ளிங் ஸ்க்ரூ லூஸ் என்றால் வாய்க்கு வந்த எண் வரும்.

அடுத்தது, எங்கே நழுவியது? முழு வேகத்தில் பிடி விட்டிருந்தால் மோட்டார் கத்திக்கொண்டு நடுவழியிலேயே நின்றிருக்கும். 0.1 மட்டும் போச்சு என்றால் கிளம்பும்போதோ நிற்கும்போதோ நழுவி, உடனே பிடித்திருக்கிறது. நிற்கும்போது என்றால் ஹோமைத் தாண்டியிருக்கும். உங்களுக்கு முன்னாலேயே நிற்கிறது, ஆக 150-இல் இருந்து கிளம்பும்போது.

D8342, D8343, D8348-இல் என்ன மதிப்பு இருக்கிறது?

கப்பலூர் ஃபிட்டர்:
எதையும் தொடவில்லைக்கா. 0, 100000, 100. நூறு மில்லிசெகண்ட் ராம்ப் இருக்கிறதே?

மீனா:
இல்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். D8348-இல் உள்ள 100, பயாஸ் வேகத்திலிருந்து D8343-இல் உள்ள உச்ச வேகம் வரை ஏறுவதற்கான நேரம். அதாவது 100000 ஹெர்ட்ஸை எட்ட நூறு மில்லிசெகண்ட். உங்க 24000-ஐ 24 மில்லிசெகண்டிலேயே எட்டிவிடும். 12000-க்கு இறக்கினால் 12 மில்லிசெகண்ட். சரிவு அதேதான், அதனால்தான் வேகத்தைக் குறைத்தும் பிரச்சினை போகவில்லை. இதை வைத்து டார்க் பிரச்சினை இல்லை என்று சொல்ல முடியாது, சேகர் சார்.

```
LD   M8002
DMOV K30000 D8343
MOV  K300   D8348
MOV  K300   D8349
```

இப்போது 24000-க்கு ஏற 240 மில்லிசெகண்ட் ஆகும், பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் முடுக்கும். திரும்பும் ஓட்டம் சுமார் 0.2 விநாடி நீளும். பீஸ் மாற்றும் நேரத்தோடு பார்த்தால் கணக்கிலேயே வராது.

சர்வோ சேகர்:
சரி, ராம்ப் விஷயம் ஒத்துக்கிறேன். ஆனால் தாவும்போதும் அதே சரிவுதானே? அங்கே ஏன் நழுவலை? ஏதோ இறுகுது. இன்னிக்கு ராம்பைத் தளர்த்தி மூடி வைக்கிறீங்க, அடுத்த மாசம் ஸ்வார்ஃப் அடைச்சால் மறுபடி நழுவும். அப்போ சொல்ல யார் இருக்கா? முப்பது பீஸ் ஸ்கிராப் ஆன பிறகுதான் தெரியும். அதுதான் ஓப்பன் லூப்.

மீனா:
நியாயம். 150-இல் பீஸை மாற்றி முடிக்கிற வரை மேசை அசையாமல் நிற்கிறது, கிளாம்பையும் அங்கேதான் தட்டுகிறார்கள். கிப் அந்த இடத்தில் மட்டும் காய்ந்து பிடிக்கிறதா என்று, டிரைவை ஆஃப் பண்ணிவிட்டு ஸ்க்ரூவைக் கையால் சுற்றிப் பாருங்க. இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

தெரியாமல் போகிறது என்பதற்கு மட்டும் முழு மோட்டாரையும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு திரும்பலிலும் கடைசி 5 மி.மீ-ஐ மெதுவாக ஓட்டி, ஹோம் சென்சார் மாறும் கணத்தில் D8340-ஐ இன்டரப்டில் பிடியுங்க. காலையில் பிடித்த எண்ணிலிருந்து 16 பல்ஸுக்கு மேல் விலகினால் ஸ்பிண்டிலை நிறுத்தி அலாரம் கொடுங்க. நழுவல் 32-இல்தான் வரும் என்பதால் பாதியில் கோடு போட்டால் போதும். ஆனால் சென்சார் 0.05-க்குள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மாறணும். மலிவான பிராக்ஸிமிட்டி சூட்டில் அதைவிட அதிகமாக நகரும், ஆப்டிகல் ஸ்லாட் நல்லது.

சர்வோ சேகர்:
இது நழுவியதைச் சொல்லும். நழுவிய அந்தப் பீஸைக் காப்பாற்றாது.

மீனா:
காப்பாற்றும் சார். நழுவுவது திரும்பும் ஓட்டத்தில், துளை அதற்கப்புறம்தானே விழுது. தாவும்போது நழுவினால் நீங்க சொல்வது சரி. ஒன்று மட்டும்: குளோஸ்டு லூப் போட்டாலும் டிரைவின் அலாரம் ஒயரைப் பிஎல்சி இன்புட்டில் கட்டணும். கட்டாத பேனல் எத்தனையோ பார்த்தாச்சு. டிரைவ் டிரிப் ஆகி நிற்கும், பிஎல்சி பாட்டுக்குப் பல்ஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

புதூர் பாண்டி:
அப்ப 12800 வேண்டாமாக்கா?

கப்பலூர் ஃபிட்டர்:
ராம்ப் ஏற்றியாச்சு. கையால் சுற்றினால் 140 தாண்டியதும் லேசாக இறுகுது, கிப்பை நாளைக்குக் கழற்றுகிறேன். சேகர் அண்ணே, உங்க குளோஸ்டு லூப் விலையையும் தனியா அனுப்பி வைங்க. முதலாளி கேட்பார்.