ஸ்பீக்கரில் இருக்கும்போது முதல் வார்த்தை எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம், ஒரு உதவி வேண்டும். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் அழைப்பு வந்தாலே ஸ்பீக்கரில்தான் போடுவோம். பின்னேரத்தில் விறாந்தையில் மாமி, பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது இருப்பார்கள். கனடாவில் இருக்கும் சித்தி எடுத்தவுடனே, சுகம் விசாரிப்பதற்கு முன்பே, காசு விஷயம், மகளின் கலியாணப் பேச்சு என்று தொடங்கிவிடுவா.

நாங்கள் இடையில் "சித்தி, ஸ்பீக்கரில நிக்குது" என்று கத்தினாலும் அவவுக்குக் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் எதிரொலி வராமல் இருக்க, அந்தப் பக்கம் பேசும்போது போன் எங்கள் மைக்கை அமத்திவிடும், அதுதான் காரணம். எல்லோரும் சேர்ந்து "ஹலோ" சொன்னால் இன்னும் மோசம், யார் இருக்கிறார்கள் என்று ஒன்றும் விளங்காது.

அதனால் இப்போது நான் முதலில் காதில் வைத்து எடுத்து, "வணக்கம் சித்தி, மாமியும் இருக்கிறா, ஸ்பீக்கரில போடட்டோ?" என்று கேட்டு, அவ ஓம் என்ற பிறகுதான் போடுகிறேன். சித்திக்கு இது சரி. ஆனால் மாமி, தன்னை எழுந்து போகச் சொல்வதாக நினைத்து முகம் வாடிப்போகிறா. அவவின் மனமும் நோகக்கூடாது.

நான் வீட்டில் இல்லாதபோது அம்மா நேரே ஸ்பீக்கரில்தான் எடுப்பா. அவ சொல்லக்கூடிய மாதிரி, இரண்டு பக்கமும் நோகாத சின்ன வசனம் ஒன்று சொல்லுங்கோ. உங்கள் வீடுகளில் எப்படிச் சொல்கிறீர்கள்?