புயலுக்கு முன் கிளம்புகிறோம்: கைக்குழந்தையின் பால், அக்காவின் பயணம் பற்றி உதவி தேவை

நாளை மறுநாள் இரவு புயல் கரையைக் கடக்கும் என்கிறார்கள். வீட்டில் என் நான்கு மாதக் குழந்தையும், 36 வாரக் கர்ப்பிணியான அக்காவும் இருக்கிறார்கள். நாளை காலையே முகாமுக்குக் கிளம்ப நினைக்கிறோம்.

குழந்தைக்குப் பால்மாவு மட்டும்தான், ஒரு நாளைக்கு ஆறு முறை. மூன்று நாளுக்கு 18 வேளை. ஒவ்வொரு வேளைக்கும் மாவைத் தனித்தனிச் சின்ன டப்பாவில் அளந்து வைத்துவிட்டேன். தண்ணீர்தான் கவலை. மாவில் கிருமி இருக்கலாம், அதனால் கொதிக்க வைத்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கலக்க வேண்டும் என்று செவிலியர் சொன்னார். கலந்த பாலும் வெளியே இரண்டு மணி நேரம்தான் தாங்கும். பயணத்துக்குப் பிளாஸ்க் போதும். அப்புறம் முகாமில் மின்சாரம் இல்லாவிட்டால்? கலக்கத் தேவையில்லாத திரவப் பால் சிலவற்றை வாங்கியிருக்கிறேன், விலைதான் கடிக்கிறது. புட்டி கழுவ வழியில்லாதபோது கிண்ணத்தால் ஊட்டியவர்கள் இருக்கிறீர்களா? நேற்று பழக்கிப் பார்த்தேன், பாதி என் சட்டையில்.

அக்கா இன்சுலின் போடுகிறார். குளிர்ப்பையில் ஐஸ்கட்டியைத் தொடாமல் துணி சுற்றி வைத்திருக்கிறேன், உறைந்தால் மருந்து வீண். பரிசோதனைக் கோப்பும் தயார்.

வண்டிதான் இன்னும் முடிவாகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் இடம் தருகிறார், ஆனால் குழந்தை இருக்கையை வைத்தால் பின்னால் அக்கா நெருங்கித்தான் உட்கார வேண்டும். நான்கு மணி நேரப் பயணம். தனி வண்டி பிடிப்பதா, இதிலேயே நிறுத்தி நிறுத்திப் போவதா? வழியில் வலி வந்தால் என்று, பிரசவம் பார்க்கும் மருத்துவமனைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். இப்படிப் போனவர்கள் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.