புதுப்பிப்பு: ரவா உப்புமா, ஒரு தட்டுக்கு எவ்வளவு?

முன்பு கேட்டது: "150 கிராம் ரவை, 30 கிராம் வேர்க்கடலை, 20 கிராம் எண்ணெய், 150 கிராம் வெங்காயம், கேரட், பீன்ஸ். மூன்று தட்டு வருது. ஒரு தட்டுக்குப் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து எவ்வளவு?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஜிம் பயிற்சியாளர் ஒருவர் சொன்னபடி எல்லாவற்றையும் பச்சையாகவே எடைபோட்டுக் கூட்டினேன், ஏனென்றால் ஊற்றுகிற தண்ணீர் எடையைத்தான் கூட்டும், கலோரியை இல்லை. ரவை சுமார் 525 கலோரி, எண்ணெய் 180, கடலை 170, காய்கள் 55, ஆக மொத்தம் 930. வெறும் சட்டியின் எடையை முதலிலேயே குறித்துக்கொண்டதால் வெந்த உப்புமா மட்டும் 690 கிராம் என்று தெரிந்தது. அப்போ 230 கிராம் தட்டுக்கு 310 கலோரி, புரதம் 9, கொழுப்பு 12, மாவுச்சத்து 41 கிராம். தட்டில் 300 கிராம் வைத்தால் அது 400 கலோரியைத் தாண்டிவிடும், அதனால் கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள்.

"புரதமெல்லாம் கடலையில்தான்" என்றார் ஒரு அண்ணன். பாதி சரி. எடைக்கு எடை கடலையில்தான் அதிகம், ஆனால் இந்தச் சட்டியில் ரவை 16 கிராமுக்கு மேல் தருகிறது, கடலை 8கூட இல்லை. கடலையை இரட்டிப்பாக்கினால் தட்டுக்குப் புரதம் இரண்டரை கிராம்தான் ஏறும், கூடவே கொழுப்பு ஐந்து.

தன் சர்க்கரைக்கு அவல் நல்லதா என்று கேட்ட அக்கா, அதற்கு இந்தக் கணக்கு போதாது, மருத்துவரிடம் கேளுங்கள்.

சட்டியில் ஒட்டிக்கொள்ளும் எண்ணெயை எப்படிக் கழிக்கிறீர்கள்? நான் இன்னும் முழுசாகத்தான் சேர்க்கிறேன்.