மகரந்தக்குழாய் நுனி வெடிக்கிறது, என்ன மாற்றலாம்?

பிளஸ் டூ தாவரவியல் செய்முறைக்கு நித்தியகல்யாணி மகரந்தத்தை முளைக்க வைக்கிறோம். 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் சர்க்கரை 10 கிராம், போரிக் அமிலம் 10 மில்லிகிராம், கால்சியம் நைட்ரேட் 30 மில்லிகிராம். குழித்தகட்டில் ஒரு சொட்டு விட்டு, காலையில் மலர்ந்த பூவின் மகரந்தத்தைத் தூவி, ஈரத்தாள் விரித்த பெட்ரித் தட்டில் மூடி வைக்கிறோம்.

குழாய் வருகிறது. ஆனால் பாதிக்கு மேல் நுனி வெடித்து உள்ளிருப்பது சிதறிவிடுகிறது. கரைசல் நீர்த்திருந்தால் சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுந்து வெடிக்கும். கால்சியம் குறைந்தாலும் நுனிச்சுவர் வலுவிழக்கும். சர்க்கரையை 15 சதவீதமாக்கினால் வெடிப்பது குறைகிறது, முளைப்பதும் குறைகிறது. 12 சதவீதத்தில் நிறுத்திக் கால்சியத்தைக் கூட்டலாமா? அல்லது மெல்லிய அகார் படலத்தில் தூவினால் சரியாகுமா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

இன்னொன்று. வெடிக்காத குழாயில் அசிட்டோகார்மைன் ஏற்றி உட்கருக்களைக் காட்ட வேண்டும். குழாய் உட்கருதான் துருவ உட்கருக்களோடு இணைகிறது என்று பலர் தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அது கருவுறுதலில் சேர்வதே இல்லை. ஓர் ஆண் கேமீட் அண்டத்தோடு சேர்ந்து 2n கரு. மற்றது இரு துருவ உட்கருக்களோடு சேர்ந்து 3n கருவூண் திசு. ஆண் கேமீட்டுகளைக் கண்ணால் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. சாயம் எத்தனை நிமிடம் விட வேண்டும்? பள்ளி நுண்ணோக்கியில், 400 மடங்கில், தெளிவாகத் தெரியும் வேறு பூ ஏதாவது உண்டா?