புதுப்பிப்பு: தையல் வகுப்புத் துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போனது

முன்பு கேட்டது: “ஹட்டனில் எங்கள் தையல் வகுப்புக்கு 1,000 துண்டுப்பிரசுரம் அடிக்கப் போகிறோம். அச்சகம் புரூப் தந்திருக்கிறது. எதையெல்லாம் பார்த்துக் கையெழுத்திடுவது?”

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. காகித விலையை விளக்கிய அண்ணனுக்கும்தான், நான் கேட்டது அதுவல்ல என்றாலும்!

தொடக்க நாள் “03.01.2026, சனி” என்றிருந்தது. தேதியும் கிழமையும் பொருந்தினால் போதும் என்றார் ஒருவர். பொருந்தத்தான் செய்தது. ஆனால் அன்று துருத்து போயா விடுமுறை என்று அச்சுக்கோர்ப்பில் பழுத்த ஐயா ஒருவர் எழுதியிருந்தார். 10ஆம் தேதிக்கு மாற்றச் சொன்னோம். திருத்திய புரூப்பில் முன்பக்கம் மட்டும் மாறியிருந்தது, பின்பக்க விண்ணப்பத் துண்டில் பழைய தேதியே நின்றது. திருத்தம் வந்தபின் முழுவதையும் மறுபடி படியுங்கள் என்று அவர் சொன்னது இதற்குத்தான்.

தொலைபேசி எண்ணை அவர் சொன்னபடி தாளைப் பார்த்தே அழுத்தினோம். +94க்குப் பிறகு 051இன் பூச்சியமும் இருந்ததால் அழைப்பு போகவில்லை. பூச்சியத்தை எடுத்ததும் மணி அடித்தது.

கட்டணம் மாதம் ரூபா 1,500, மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் 4,000. பின்பக்கம் 4,500 என்றது, சலுகையே காணாமல் போயிருந்தது.

எழுத்துப்பிழையை அக்கா கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தார். “பயிற்ச்சி” அகப்பட்டது. “பதிவுக்கட்டணம்” சேர்த்தா, பிரித்தா என்பதில் மட்டும் வீட்டில் இன்னும் வழக்கு முடியவில்லை.