1/x தொகையீடு: கணினி 6.1345 என்கிறது, கையால் போட்டால் ln 2. எது சரி?

தவிப்பு99
அவசரம். -1 முதல் 2 வரை 1/x. கையால் போட்டால் ln 2, அதாவது 0.6931. நிரலில் 6.1345 வருகிறது. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தேன், மாறவே இல்லை. எங்கே தப்பு?

மாறிலி
எந்த முறை? எத்தனை புள்ளி? 0-வை எப்படிக் கையாண்டீர்கள்? நிரலைப் போடுங்கள்.

பழையபலகை
தம்பி, 0-வில் 1/x வெடிக்கிறது. தொகையீடு விரிகிறது, அவ்வளவுதான். ln 2-வும் தப்பு, 6.1345-வும் தப்பு. முதலாண்டுப் பாடம் இது. அதைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

தவிப்பு99
நடுப்புள்ளி முறை. 0 எந்த நடுப்புள்ளியிலும் விழவில்லை, அதனால் பிழைச் செய்தி எதுவும் இல்லை. N = 100, 1000, 10000 மூன்றுக்கும் 6.1345.

```
N = 1000
h = 3/N
print(sum(h/(-1+(j+0.5)*h) for j in range(N)))
```

சாய்வுக்கோடு
எனக்கும் இதே தொல்லை, ஆனால் 1/x². அதே எல்லைகளுக்கு வாய்பாட்டில் போட்டால் -1.5 வருகிறது. அதுதான் முதன்மை மதிப்பா?

மாறிலி
தவிப்பு, N = 999, 1001 இரண்டையும் போட்டுப் பாருங்கள். 999-க்கு 0.693 வரும், 1001-க்கு -4.748 வரும்.

காரணம் 0-வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. N = 1000 என்றால் 0-வுக்கு வலப்பக்கம் முதல் புள்ளி h/6 தூரத்தில், இடப்பக்கம் 5h/6 தூரத்தில். கூட்டலில் அவை தருவது 6-ம் -1.2-ம். பாருங்கள், h அடிபட்டுப் போய்விட்டது. h-ஐ எவ்வளவு சிறிதாக்கினாலும் இந்த 4.8 குறையாது. அடுத்தடுத்த ஜோடிகளும் சேர்ந்தால் மொத்த மிச்சம் π√3, அதாவது 5.4414. அதோடு ln 2 சேர்ந்ததுதான் உங்கள் 6.1345. நீங்கள் போட்ட மூன்று N-ம் 3-ஆல் வகுத்தால் மீதி 1 வருபவை, அதனால்தான் ஒரே விடை. 999-ல் புள்ளிகள் 0-வுக்கு இருபுறமும் சம தூரத்தில் அமைகின்றன, மிச்சம் எதுவும் இல்லை.

பழையபலகை
ஆக N-க்குத் தக்கபடி விடை மாறுகிறது. விரிகிறது என்று நான் சொன்னது இதைத்தான்.

மாறிலி
விரிகிறது என்பது சரி. அதோடு பேச்சு முடிந்துவிடவில்லை. இடப்பக்கம் -ε வரை வந்தால் ln ε. வலப்பக்கம் ε-லிருந்து தொடங்கினால் ln 2 - ln ε. இரண்டையும் கூட்டினால் ε எதுவானாலும் ln 2. இதுதான் முதன்மை மதிப்பு. வலப்பக்கத்தை மட்டும் 2ε-லிருந்து தொடங்கிப் பாருங்கள், கூட்டல் 0 ஆகிவிடும். உண்மையில் குவியும் தொகையீடு எந்த வெட்டுக்கும் ஒரே விடை தரும். இங்கே சமச்சீர் வெட்டு என்ற நிபந்தனையைச் சேர்த்தால்தான் ln 2.

சாய்வுக்கோடு, உங்கள் 1/x² வேறு. எங்குமே எதிர்மமாகாத சார்புக்கு -1.5 எப்படி வரும்? சமச்சீராக வெட்டினால் 2/ε - 1.5. இருபுறமும் ஒரே குறி, ஒன்றையொன்று அழிக்க வழியில்லை. ஆக முதன்மை மதிப்பே கிடையாது.

சாய்வுக்கோடு
ஆனால் 2/ε-ஐ விட்டுவிட்டு -1.5-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறதே?

மாறிலி
இருக்கிறது, அதற்கு ஹடமார்டின் முடிவுள்ள பகுதி என்று பெயர். அது வேறு விதி. உங்கள் சூத்திரம் அதைக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பழையபலகை
வேண்டிய விடைக்கு ஏற்ற விதியைத் தேர்ந்தெடுப்பது கணிதமா? நிபந்தனை சேர்த்துத்தான் எண் வரும் என்றால், அதைத் தொகையீட்டின் மதிப்பு என்று எழுதக் கூடாது.

மாறிலி
அதனால்தான் முன்னால் PV என்று போடுகிறோம். போடாமல் எழுதினால் நீங்கள் சொல்வதே சரி.

தவிப்பு99
999, 1001 நீங்கள் சொன்னபடியே வந்தது. ஆனால் என் உண்மையான கணக்கு f(x)/(x-a). a ஒவ்வொரு முறையும் மாறும், N-ஐ அதற்கேற்ப மாற்ற முடியாது.

மாறிலி
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. f வழவழப்பானது, a இடைவெளிக்குள் இருக்கிறது என்றால் f(a)-ஐக் கழியுங்கள். (f(x)-f(a))/(x-a) என்பது a-வில் வெடிக்காது, நடுப்புள்ளி முறையே போதும். அப்புறம் f(a)·ln((2-a)/(a+1)) என்பதைக் கையால் கூட்டுங்கள். சரிபார்க்க scipy-யில் நேரடி வழி உண்டு:

```
quad(f, -1, 2, weight='cauchy', wvar=a)
```

f மட்டும் கொடுங்கள், வகுத்தலை அதுவே செய்துகொள்ளும். ஒரு கேள்வி பாக்கி: இந்தத் தொகையீடு எந்தக் கணக்கிலிருந்து வந்தது? சமச்சீர் வெட்டுதான் வேண்டும் என்பதை அதுதான் சொல்ல வேண்டும். f(a) பூஜ்யமில்லாவிட்டால், வெட்டு மாறும்போது விடையும் மாறிவிடும்.

தவிப்பு99
கழித்துப் போட்டேன், quad-உடன் ஒத்துப்போகிறது. நன்றி.

மாறிலி
எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லையே?